எட்டு வாரத்தில் சிசிஎன்ஏ: எதற்கு எத்தனை நாள்?

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், கல்லூரி விட்டு வந்த பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரம் சிசிஎன்ஏ தேர்வுக்காக ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், மதிப்பெண் அதிகமுள்ள ரவுட்டிங் பகுதிக்கு நேரம் போதாமல் போய்விடும். சிஸ்கோவின் பாடத்திட்டத்தில் ரவுட்டிங்குக்கு மட்டும் 25 சதவீதம். அடிப்படைக்கும் ஸ்விட்ச் பகுதிக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, மீதி இரண்டு பகுதிகளுக்கும் தலா 10.

நாள்களையும் இந்தக் கணக்கிலேயே பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் அடிப்படையும் சப்நெட்டிங்கும். மூன்றாவது வாரம் விலேனும் வயர்லெஸ்ஸும். நான்கும் ஐந்தும் ரவுட்டிங். ஆறாவது வாரம் பாதுகாப்பு. ஏழாவது வாரம் டிஹெச்சிபி, நேட், ஆட்டோமேஷன். எட்டாவது வாரம் மாதிரித் தேர்வுகள்.

சப்நெட்டிங் மட்டும் இரண்டு வாரத்தோடு முடிகிற பாடம் அல்ல. எட்டு வாரமும் படிக்க உட்கார்ந்ததும் முதல் கால் மணி நேரம் அதற்குத்தான். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கம்ப்யூட்டரின் முகவரி 192.168.10.77/26, கேட்வே 192.168.10.1. பக்கத்து கம்ப்யூட்டருக்கு பிங் போகிறது, வேறு நெட்வொர்க்குக்குப் போகவில்லை. ஏன்?

/26 என்றால் மாஸ்க் 255.255.255.192. 256-இலிருந்து 192-ஐக் கழித்தால் 64. ஆகவே நெட்வொர்க்குகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 இருப்பது 64-இல் தொடங்கும் நெட்வொர்க்கில். அங்கே கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, 127 பிராட்காஸ்ட். கேட்வேயின் 1 இந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது. கோளாறு அதுதான். இதை ஒரு நிமிடத்துக்குள் மனக்கணக்காகச் சொல்ல வர வேண்டும். தேர்வுக்கு 120 நிமிடம்தான். விட்டுவந்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப் பாடம் வேண்டாம். சிஸ்கோ இலவசமாகத் தரும் பேக்கெட் டிரேசரைத் திறந்து, அந்த வாரம் படித்ததைக் குறிப்பைப் பார்க்காமல் செய்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வார ஞாயிறு ஒரு சோதனை. மூன்று ரவுட்டர்களை இணைத்து, ஓஎஸ்பிஎஃப் அமைத்து, இரு முனைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களுக்கிடையே பிங் போக வேண்டும். போகவில்லையென்றால் இந்த இரண்டு கட்டளைகள்:

```
show ip ospf neighbor
show ip route
```

முதலாவதில் பக்கத்து ரவுட்டர் தெரியவில்லை என்றால், இணைப்பின் இரு பக்கமும் ஏரியா எண்ணும் மாஸ்க்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத்து ரவுட்டர் தெரிந்தும் இரண்டாவதில் எதிர்முனை நெட்வொர்க் இல்லையென்றால், அந்த நெட்வொர்க்கை ஓஎஸ்பிஎஃப்-இல் சேர்க்க மறந்திருக்கலாம்.

தேர்வுக் கட்டணம் 300 டாலர். இந்தச் சோதனையைப் பிறர் உதவியின்றி முடித்த பிறகு தேதியைப் பதிவு செய்வதே நல்லது. முடியவில்லையென்றால் ரவுட்டிங்குக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்து, தேர்வையும் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்.