எட்டு இயந்திரங்களுக்கு என்ன விலை சொல்வது?

மூன்று ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது, கை பழகப் பழக வேலை நேரம் குறையும், அதனால் ஆண்டுக்காண்டு விலையைக் குறையுங்கள் என்பார் வாங்குபவர். கூலியும் இரும்பும் ஏறுகிறதே, கூட்டித்தான் ஆக வேண்டும் என்பார் செய்பவர். இருவர் சொல்வதும் உண்மைதான். எந்த ஆண்டில் எது மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

விமானத் தொழிற்சாலைகளைக் கவனித்த அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட், 1936-ல் ஒரு விதியை எழுதினார். இதுவரை செய்த மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஒன்றுக்கான சராசரி உழைப்பு நேரம் ஏறக்குறைய 80 சதவீதமாகச் சுருங்குகிறது. கையால் பூட்டும் வேலைக்கு இது பொருந்தும். இயந்திரமே வேகத்தைத் தீர்மானிக்கும் வேலையில் இவ்வளவு குறையாது.

கற்பனையாக ஓர் ஒப்பந்தம்: முதல் ஆண்டு 2, அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என எட்டு இயந்திரங்கள். முதல் இயந்திரத்துக்கு 1,000 மணி நேரம். ரைட் விதிப்படி முதல் இரண்டின் சராசரி 800 மணி, நான்கின் சராசரி 640, எட்டின் சராசரி 512. மொத்தங்களைக் கழித்துப் பார்த்தால், இரண்டாம் ஆண்டில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் 480 மணி, மூன்றாம் ஆண்டில் 384. சராசரியையே அந்தந்த ஆண்டின் நேரம் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. செலவு வீணாக ஊதிவிடும்.

கூலி மணிக்கு 300 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும். மூலப்பொருள் ஒன்றுக்கு 4 லட்சம், 8 சதவீதம் ஏறும். முதல் ஆண்டில் ஓர் இயந்திரத்தின் அடக்கம் 6,40,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் 5,90,400. மூன்றாம் ஆண்டிலோ மீண்டும் 6,05,952! உழைப்புச் செலவு அப்போதும் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் முன்போல் பெரிதாகக் குறையவில்லை. மூலப்பொருள் ஏற்றமோ ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாம் ஆண்டின் சரிவைப் பார்த்து மயங்கி, மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் குறைத்து எழுதிக் கொடுத்தவர் நான்கு இயந்திரங்களிலும் நஷ்டப்படுவார்.

விலையேற்ற விதியையும் பிரித்து எழுத வேண்டும். மொத்த விலையின் மேல் 8 சதவீதம் ஏற்றினால், குறைந்துபோன மணி நேரத்துக்கும் வாங்குபவர் பணம் கட்டுவார். மூலப்பொருளை அதற்குரிய மொத்த விலைக் குறியீட்டோடு இணைக்கலாம். கூலி ஏற்றத்தை மணிக்கூலிக்கு மட்டும் கொடுத்து, மணி நேரத்தை முன்கூட்டியே அட்டவணையில் நிறுத்திவிடலாம்.

எட்டுக்கும் ஒரே விலை என்றால் அடக்கச் சராசரி 6,10,576. லாபம் இதன் மேல். இந்த விலையில் முதல் ஆண்டு ஒவ்வொன்றிலும் 29,424 ரூபாய் துண்டு விழும். பின்னால் வரும் ஆறில்தான் அது மீளும். முதல் ஆண்டோடு வாங்குபவர் நிறுத்திக்கொண்டால் 58,848 ரூபாய் போனதுதான். அந்தத் தொகையை அவர் ஈடுகட்டுவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.

இடைவெளியும் ஆபத்து. லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டார் விமான உற்பத்தியைக் குறைத்தபோது, ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் மீண்டும் ஏறியது. பழகிய ஆட்கள் கலைந்தால் பழக்கமும் கலைகிறது. எனவே ஆர்டர் சில மாதம் தள்ளிப்போனால் மணி நேர அட்டவணையைத் திருத்திக்கொள்ளும் உரிமையையும் செய்பவர் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.