எந்தச் சனிக்கிழமை லேப்டாப் வரும்?

என் அக்கா மகள் 2024 ஜனவரியில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்தாள். பி.எஸ்சி. கணினி அறிவியல், முதலாண்டு. மூன்றாமாண்டு தொடங்கும்போது புராஜெக்ட் வேலைக்குச் சொந்த லேப்டாப் வேண்டும். சனிக்கிழமைதோறும் அப்பா தரும் 700 ரூபாயில் பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் 300 போக, 400 மிச்சம் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

லேப்டாப்பின் விலை, ஜிஎஸ்டி உட்பட, 34,500 ரூபாய். பையும் மவுசும் தனியாக வாங்க வேண்டியவை. அவற்றுக்கு 1,500 சேர்த்து இலக்கை 36,000 என்று வைத்தோம். பொங்கல், தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்ததில் கையில் இருந்தது 4,200. மீதி 31,800. அதை 400-ஆல் வகுத்தால் 79.5 வரும். அரை வாரத்துக்குப் பணம் போட முடியாது என்பதால் எப்போதும் மேல் எண்ணுக்கே போக வேண்டும்: 80 வாரம்.

"ஜனவரி 6-ல இருந்து 80 வாரம்னா, 2025 ஜூலை 19-ல வாங்கிடலாம் மாமா."

"முதல் 400-ஐ ஜனவரி 6 அன்னைக்கே போட்டுடுவேல்ல? அதை எண்ணினியா?"

எண்ணவில்லை. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். முதல் தவணை தொடங்கும் நாளிலேயே விழுந்துவிடுகிறது. அதன்பின் தேவைப்படுவது 79 தவணை. ஆகவே கூட்ட வேண்டியது 79 வாரம், அதாவது 553 நாள். ஜூலை 12-ஆம் தேதியே பணம் சேர்ந்துவிடும். காலண்டரில் விரல் வைத்து எண்ணாமல், போனில் இருக்கும் விரிதாளில் A1 கட்டத்தில் தொடங்கும் தேதியை இட்டு இப்படி எழுதினாலும் அதே விடை கிடைக்கும்:

```
=A1+(80-1)*7
```

ஆனால் ஜூலை 12 அவளுக்கு உதவாது. புராஜெக்ட் ஜூனிலேயே தொடங்கிவிடும். எனவே கணக்கைத் திருப்பிப் போட்டோம். 2025 மே 31 கடைசி நாள் என்றால் நடுவில் எத்தனை சனிக்கிழமை? இரண்டு முனைகளையும் சேர்த்து 74. 31,800-ஐ 74-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 430. வாரத்துக்கு வெறும் 30 ரூபாய் கூட்டினால் ஆறு வாரம் முன்னால் வந்துவிடலாம். எனக்கே அது வியப்பாக இருந்தது. 430 என்று முடிவு செய்தோம்.

அதில் ஒரு தவறு செய்தோம். மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை. கல்லூரி இல்லை என்றால் 700-உம் இல்லை. காலண்டரில் இருக்கும் சனிக்கிழமைகளை எண்ணினோமே தவிர, பணம் வரும் சனிக்கிழமைகளை எண்ணவில்லை. 2024 மே மாதத்தில் நான்கு, 2025 மே மாதத்தில் ஐந்து. இந்த ஒன்பதையும் கழித்தால் 65 தவணைதான் மிஞ்சும். முதலிலேயே வாரம் 490 என்று தொடங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 1-ஆம் தேதி நோட்டைப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. 22 சனிக்கிழமை கடந்திருந்தது, பணம் போட்டது 18 முறை. சேர்ந்தது 7,740, இன்னும் வேண்டியது 24,060, பணம் வரப்போகும் சனிக்கிழமைகள் 47. வாரத்துக்கு 512 ரூபாய்! அவள் முகம் வாடிவிட்டது. அந்த ஆண்டுப் பிறந்தநாளுக்குப் புது உடை வேண்டாம், அந்த 2,000-ஐப் பணமாகவே கொடுங்கள் என்று வீட்டில் கேட்டு வாங்கினாள். அப்புறம் தேவை 470 ஆனது. கேன்டீன் செலவை இன்னும் 40 ரூபாய் குறைத்தால் போதும் என்ற அளவுக்கு அது வந்தது.

பணத்தை எங்கே வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்புத் திட்டத்தை அக்கா சொன்னாள். அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. ஒன்றரை ஆண்டு இலக்குக்குப் பொருந்தாது. சாதாரண அஞ்சலகச் சேமிப்புக் கணக்கே போதுமானதாக இருந்தது. வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த வட்டியைக் கணக்கிடுவார்கள். 11-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. அதனால் வாரப் பணத்தை உண்டியலில் போட்டு, மாதம் ஒருமுறை 10-ஆம் தேதிக்குள் கொண்டுபோய்க் கட்டினாள்.

அந்தக் கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. 36,000-ஐ முழுதாக எடுக்க வேண்டுமென்றால் 36,500 இருக்க வேண்டும். எங்கள் முதல் கணக்கில் இல்லாத அந்த 500-ஐ மார்ச் 31-இல் வரவான வட்டி அடைத்துவிட்டது. கடைசித் தவணை 2025 ஏப்ரல் 26 அன்று விழுந்தது. அடுத்த வாரமே கடைக்குப் போனாள்.