விசிட்டிங் கார்டின் பின்பக்கம்

திருப்பூர் பின்னலாடைக் கண்காட்சியில் நாள் முழுக்கக் கைகுலுக்கிய கொள்முதல் மேலாளருக்கு, "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மறுநாள் வரும் மின்னஞ்சல் யாருடையது என்றே பிடிபடாது. முகம் மறந்துவிடும், தன் தொல்லையைச் சொன்னது மறக்காது.

ஒரு சாயப்பட்டறைக்காரரை வைத்துக்கொள்வோம். துவைத்தால் துணி சுருங்குகிறது என்று அந்த மேலாளர் பேச்சுவாக்கில் அலுத்துக்கொள்கிறார். இவர் நகர்ந்ததுமே அதை அவருடைய கார்டின் பின்பக்கம் குறித்துக்கொள்கிறார். மறுநாள் கடிதம், 'சிங்கிள் ஜெர்சி சுருக்கம்' என்ற தலைப்பில்:

"வணக்கம் சார். நேற்று காம்பாக்டிங் மெஷின் அரங்கருகே பேசினோம். உங்கள் சிங்கிள் ஜெர்சி நீளவாக்கில் 8 சதவீதம் சுருங்குவதாகச் சொன்னீர்கள். காம்பாக்டிங்கில் ஓவர்ஃபீடு போதாவிட்டாலும் அப்படி ஆகும். எங்கள் பட்டறையின் துவைப்புச் சோதனைத் தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். உங்கள் துணியில் ஒரு மீட்டர் அனுப்பினால் சோதித்துச் சொல்கிறேன்."

'போதாவிட்டாலும்' என்பதில் இருக்கும் 'உம்'தான் எனக்குப் பிடித்தது. துணியைப் பார்க்காமல் காரணத்தை அறுதியிட்டால் மேலாளர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். கேட்பதும் ஒரு மீட்டர் துணிதான், ஆர்டர் அல்ல.

8 என்பது உறுதியாக நினைவில்லையென்றால் எண்ணை விட்டுவிடலாம். தவறான எண், வேறு யாரிடமோ பேசியதைக் குழப்பிக்கொண்டதாகக் காட்டும். தேநீர் குடிக்கையில் தன் முதலாளியைப் பற்றியோ இப்போதைய சப்ளையரின் விலையைப் பற்றியோ அவர் சொல்லியிருந்தால் அதை எழுத்தில் கொண்டுவரவே கூடாது. அலுவலக மின்னஞ்சலை அவர் ஒருவர் மட்டும்தான் படிப்பார் என்று சொல்வதற்கில்லை.