இன்டர்ன் மேல் விழுந்த பழி
2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணையில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கெவின் தாம்ப்சன் சாட்சியம் அளித்தார். அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்குள் வேவுக்காரர்கள் புகுந்து, 18,000 வாடிக்கையாளர்கள் வரை கெட்டுப்போன அப்டேட்டை இறக்கிக்கொண்ட விவகாரம் அது. விசாரணையில் solarwinds123 என்ற பாஸ்வேர்டு பற்றிக் கேள்வி வந்தது. ஒரு இன்டர்ன் செய்த தவறு என்றார் தாம்ப்சன்.

அந்தப் பாஸ்வேர்டு வழியாகத்தான் வேவுக்காரர்கள் நுழைந்தார்கள் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் பாஸ்வேர்டு வெளியே கிடந்தது நிஜம். இன்டர்ன் அதைத் தன் சொந்த கிட்ஹப் கணக்கில் போட்டிருந்தார். 2017-இல் பயன்படுத்தியது என்று நிறுவனமே சொன்னது. 2019 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதைக் கண்டெடுத்து, நிறுவனம் கோப்புகளை வைத்திருந்த சர்வரில் அதை வைத்து ஒரு கோப்பை ஏற்றிக் காட்டிய பிறகே கதவு சாத்தப்பட்டது. புதிதாக வந்தவர் வைத்த எளிய பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட சர்வர் யாருடையது என்று யோசித்தால், பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இது யாருக்கும் நடக்கும். ஒரு சின்ன நிரல் எழுதுகிறீர்கள். டேட்டாபேஸைத் தொட பாஸ்வேர்டு வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும் என்று நிரலுக்குள்ளேயே அதை எழுதிவிட்டு, வீட்டில் தொடரலாம் என்று சொந்தக் கணக்கில் ஏற்றுகிறீர்கள். மறுநாள் உறைக்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றி நிம்மதி அடைகிறீர்கள்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. கிட் என்பது பழைய பிரதி ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தவே செய்யப்பட்ட கருவி. நேற்றைய வரி இன்றைய கோப்பில் இல்லாவிட்டாலும் வரலாற்றில் அப்படியே இருக்கும். இந்த ஒரு வரிக் கட்டளை போதும், காட்டிக்கொடுத்துவிடும்:

```
git log -p -S 'solarwinds123'
```

பொதுவில் ஏறும் நிரல்களில் பாஸ்வேர்டு தேடுவதற்கென்றே ஓயாமல் ஓடும் தானியங்கி நிரல்கள் உண்டு. நீங்கள் அழிப்பதற்குள் யாராவது பிரதி எடுத்திருக்கலாம். அதனால் முதல் வேலை அழிப்பதல்ல, உங்கள் மேலாளரிடமோ ஐ.டி. பிரிவிடமோ சொல்லி அந்தப் பாஸ்வேர்டையே மாற்றவைப்பது. மாற்றிய பிறகு, இடையில் அதை வைத்து யாராவது உள்ளே வந்தார்களா என்று அவர்கள் சர்வர் பதிவுகளில் பார்ப்பார்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசியில்தான். திட்டு விழுமே என்று மறைத்தால், மாற்றப்படாத பாஸ்வேர்டு ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஷேர்டு டிரைவிலும் இதே வியாதிதான். கல்லூரி நண்பனிடம் ஒரு கணக்குத் தாளைக் காட்டி உதவி கேட்க, கூகுள் டிரைவில் கோப்பை மட்டும் திறந்துவிடாமல் அது இருக்கும் ஃபோல்டரையே "Anyone with the link" என்று மாற்றிவிடுகிறார் ஒருவர். நண்பன் பார்த்துவிட்டான், வேலை முடிந்தது, மறந்தாயிற்று. மூன்று மாதம் கழித்து அலுவலகத்தில் வேறு யாரோ அதே ஃபோல்டரில் சம்பளப் பட்டியலைப் போடுகிறார். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி பின்னால் அதற்குள் வருபவற்றுக்கும் பொருந்தும் என்பதால், பழைய லிங்க் கையில் இருக்கும் யாரும் பட்டியலைப் படிக்கலாம். போட்டவருக்கு எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாமலே போகலாம். Share பொத்தானைத் தட்டி, General access என்ற இடத்தில் "Restricted" என்று இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது. வெளியாளுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றால், கேட்டுக்கொண்டு, அந்த ஒரு கோப்பை அவர் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் கொடுக்கலாம்.

பாஸ்வேர்டு போனாலும் கைபேசியில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு காப்பாற்றும் என்பார்கள். பெரும்பாலும் உண்மை, ஆனால் அந்தக் கைபேசி உங்களுடையதாக இருக்கவேண்டும். சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் வெளிச்சத்துக்கு வந்ததே இப்படித்தான். 2020 கடைசியில் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில், ஓர் ஊழியரின் பெயரில் இரண்டாவதாக ஒரு கைபேசி பதிவானதாக எச்சரிக்கை வந்தது. பாதுகாப்புப் பிரிவினர் அவரைக் கூப்பிட்டு, புது போன் பதிவு செய்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அங்கிருந்து நூல் பிடித்துப் போய்த்தான், கெட்டுப்போன அந்த அப்டேட்டைக் கண்டுபிடித்தார்கள்.

"புதிய சாதனம் சேர்க்கப்பட்டது" என்ற மின்னஞ்சலை விளம்பரம் போலத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் சேர்க்கவில்லை என்றால் அன்றைக்கே ஐ.டி. பிரிவைக் கூப்பிடுங்கள், அந்த மின்னஞ்சலில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல். போலியாகவும் அப்படி மின்னஞ்சல் வரும். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் கைபேசி ஒப்புதல் கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் மறுத்துவிட்டு அதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம்.