கடல் கடந்த உறவும் மருத்துவ ஆசனமும்

இந்தியாவில் மருத்துவக் கல்விக்கான 'நீட்' நுழைவுப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டிலும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஒதுக்கீடு குறித்த சர்ச்சையும் உடன் எழுகின்றது. வெளிநாட்டில் உறவினர் ஒருவர் இருந்தால் பரீட்சையில் தேறாமலே ஆசனம் பெறலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறானதாகும். இந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவரும் 'நீட்' பரீட்சையில் தகுதி பெற்றேயாக வேண்டும். ஆனால், அவர் அனைவருடனும் போட்டியிட வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட சில ஆசனங்களுக்குப் பன்மடங்கு உயர்ந்த கட்டணத்தைச் செலுத்த முன்வருவோருடன் மட்டுமே போட்டியிடுகின்றார். ஆகவே, யார் இந்தச் சிறிய வரிசையில் நிற்க உரித்துடையவர் என்பதே முழுப் பிரச்சினையும் ஆகும். அதனை ஆவணங்களே தீர்மானிக்கின்றன.

இந்த ஒதுக்கீட்டின் சட்ட அடிப்படை 2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அடங்கிய அமர்வு இனாம்தார் வழக்கில் வழங்கிய தீர்ப்பாகும். அரச உதவி பெறாத தனியார் தொழிற்கல்வி நிறுவனங்கள் 15 சதவீதத்துக்கு மேற்படாத ஆசனங்களை வெளிநாடுவாழ் இந்தியருக்கு வழங்கலாம் என அத்தீர்ப்பு அனுமதித்தது. அவ்வாறு திரட்டப்படும் மேலதிகப் பணம் வசதி குறைந்த மாணவருக்குப் பயன்பட வேண்டும் என்பதும், ஆசனங்கள் உண்மையான வெளிநாடுவாழ் இந்தியரின் பிள்ளைகளுக்கோ அவர்களின் பாதுகாப்பில் உள்ளவர்களுக்கோ மட்டுமே செல்ல வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். இவ்வொதுக்கீட்டில் இடம் பெறுவோரில் பெரும்பாலானோரோ அவர்களின் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியராக இருப்பதில்லை என்று அந்த நீதிமன்றமே அப்போது சுட்டிக்காட்டியமை குறிப்பிடத்தக்கது.

இதனாற்றான் விண்ணப்பதாரரிடம் மூன்று விடயங்களுக்கு ஆதாரம் கோரப்படுகின்றது. பொறுப்பேற்பவர் உண்மையில் வெளிநாட்டில் வாழ்கின்றாரா? அவர் மாணவருக்கு உண்மையில் உறவினரா? கட்டணத்தை உண்மையில் அவரே செலுத்துகின்றாரா? நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கான அனுமதியை நடத்தும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு, பொறுப்பேற்பவரின் கடவுச்சீட்டு, விசா, தூதரகச் சான்றிதழ் ஆகியவற்றை முதலாவது கேள்விக்காகக் கேட்கின்றது. இரண்டாவதற்கு, உச்ச நீதிமன்றம் 2017 ஓகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவுக்கு அமைவான உறவுமுறைச் சான்று வேண்டும். மூன்றாவதற்கு, கற்கைநெறி முழுவதற்குமான கட்டணத்தைத் தாமே ஏற்பதாகப் பொறுப்பேற்பவர் நொத்தாரிசின் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் தாயுடன் வசித்துப் படிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை டுபாயில் தொழில் புரிகின்றார். தந்தையே பொறுப்பேற்பதால் உறவுமுறை பற்றிய விவாதத்துக்கு இடமில்லை. மாணவி இந்தியாவில் வளர்ந்தவள் என்பதும் தடையல்ல; வெளிநாட்டு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டியவர் தந்தையே. அவரது இந்தியக் கடவுச்சீட்டும் செல்லுபடியாகும் வதிவிட விசாவும் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழங்கும் சான்றிதழும் அதற்குப் போதுமானவை. சுற்றுலா விசாவில் சென்றிருப்பவர் வெளிநாட்டில் வாழ்பவராகக் கருதப்படமாட்டார். அவ்வாறே, தொழில் மாறி விசா புதுப்பிக்கப்பட்டிருப்பின் பழைய விசா இலக்கத்தைத் தாங்கிய சான்றிதழ் கேள்விக்குள்ளாகும்.

ஆயினும், ஐயத்துக்கு இடமற்ற இந்தக் குடும்பமே தடுமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் 'ச. முருகேசன்' என்றிருக்கும். கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்து விரிக்கப்பட்டு, 'முருகேசன் சங்கரலிங்கம்' என்று பதிவாகியிருக்கும். பாடசாலைச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லாமலும் போகலாம். தமிழருக்கு இம்மூன்றும் ஒரே மனிதர். ஆவணம் பார்க்கும் அதிகாரிக்கோ மூன்று பெயர்கள். மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பது அவசியம். விண்ணப்பத்துக்கான காலம் சில நாட்களே. தூதரகத்தில் நேரம் பெற்றுச் சான்றிதழ் எடுப்பதற்கே அந்த நாட்கள் கழிந்துவிடும். பெறுபேறு வந்த பின்னர் ஆவணம் தேடப் புறப்படுவோர் தகுதியிருந்தும் ஆசனத்தை இழப்பது இதனாலேயே.

பணம் பற்றிய ஆதாரமாக, பொறுப்பேற்பவரின் வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு விபரத்தையும் பல மாநிலங்களும் கல்லூரிகளும் கேட்கின்றன. இது வெறும் சம்பிரதாயம் அன்று. உள்நாட்டில் வசிப்பவர் இக்கணக்கை வைத்திருக்க முடியாது. நிரந்தரமாகத் தாயகம் திரும்புபவர் அதனைச் சாதாரண கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். எனவே, கட்டணம் அக்கணக்கிலிருந்து செல்வது வதிவிடத்துக்கும் பொறுப்பேற்புக்கும் ஒருசேரச் சாட்சியாகின்றது.

தந்தைக்குப் பதிலாக மாமனோ பெரியப்பாவோ முன்வந்தால் நிலைமை மாறுகின்றது. மாணவியிலிருந்து தாய்க்கும், தாயிலிருந்து அவரது பெற்றோருக்கும், அவர்களிலிருந்து மாமனுக்கும் எனச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சான்றிதழ்களால் இணைக்க வேண்டும். அத்துடன், அந்த உறவு ஏற்கப்படுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பஞ்சாப் அரசு 2024 ஓகஸ்டில் மாமன், மாமி, பாட்டன், பாட்டி, ஒன்றுவிட்ட சகோதரர் ஆகியோரின் உறவையும் சேர்த்து இவ்வொதுக்கீட்டை விரிவுபடுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. மேன்முறையீட்டை இரு வாரங்களில் நிராகரித்த உச்ச நீதிமன்றம், இதனை ஒரு மோசடி என்றும் பணம் பண்ணும் வழி என்றும் கடுமையாகச் சாடியது. ஆகவே, அவ்வாண்டுக்குரிய அறிவித்தலில் எந்த உறவுகள் ஏற்கப்படுகின்றன என்பதைப் பார்க்காமல் தூரத்து உறவை நம்பியிருப்பது ஆபத்தானது.

நீதிமன்றத்தின் கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. உறவே இல்லாத வெளிநாடுவாழ் ஒருவரின் ஆவணங்களைத் தரகர் மூலம் விலைக்கு வாங்கி, பொய்யான வம்சாவளி எழுதி ஆசனம் பெற்றமை தொடர்பில் இந்திய அமலாக்கத்துறை அண்மைய ஆண்டுகளில் விசாரணைகளை நடத்தியுள்ளது. இத்தகைய மோசடி இரண்டு இடங்களில் வெளிப்படுகின்றது. ஒன்று, ஒரே மனிதரின் ஆவணம் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல மாணவருக்குப் பொறுப்பாக நிற்பது. மற்றையது, கட்டணம் பொறுப்பேற்றவரின் கணக்கிலிருந்து அன்றி உள்ளூர்க் கணக்கிலிருந்து செல்வது. தரகர் தம் பணத்துடன் மறைந்துவிடுவார்; அனுமதி இரத்தாகும் அபாயம் மாணவரையே சாரும்.

எமது நாட்டவரும் இதில் ஒரு மயக்கத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் என்பவர் இந்தியப் பிரஜையாக இருப்பவரே. கனடாவிலோ பிரித்தானியாவிலோ குடியுரிமை பெற்றுள்ள இலங்கைத் தமிழ் உறவினர் எவ்வளவு வசதி படைத்தவராயினும் இவ்வொதுக்கீட்டில் பொறுப்பேற்க முடியாது. ஆனால், இந்திய வம்சாவளியினருக்கான கடல்கடந்த இந்தியப் பிரஜை அட்டையைப் பெற்றுள்ள மலையகத் தமிழ் மாணவரின் நிலை வேறு. இந்திய அரசின் 2021 மார்ச் அறிவித்தலின்படி, அத்தகையோர் 'நீட்' பரீட்சைக்குத் தோற்றி, வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய ஆசனங்களுக்கோ மேலதிக ஆசனங்களுக்கோ விண்ணப்பிக்கலாம். அவ்வறிவித்தலுக்குப் பின்னர் அட்டையைப் பெற்றவர்கள் பொதுவான ஆசனங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது.

கடல் கடந்து உழைக்கும் தந்தையின் பிள்ளைக்கு உரிய இடம், ஆவணம் வாங்கியவரின் பிள்ளைக்குச் செல்லுமாயின் பாதிக்கப்படுவோர் இருவர். ஒருவர் உண்மையான உரித்தாளர். மற்றவர், அதிக புள்ளிகள் பெற்றும் பணமின்மையால் வெளியே நிற்கும் மாணவர். பெயரில் ஓர் எழுத்து பிழைத்ததற்காக நேர்மையான குடும்பத்தைத் திருப்பியனுப்பும் அதிகாரிகள், கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் அதே கவனத்துடன் பார்ப்பார்களாயின், இவ்வொதுக்கீடு எதற்காக அனுமதிக்கப்பட்டதோ அதற்கே பயன்படும்.