அட்வான்ஸ் வாங்கினால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 30,000 ரூபாய் சம்பள அட்வான்ஸ் கேட்கிறார் ஒருவர். மாதச் சம்பளம் 22,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 என்பதால், 12 சதவீத பி.எஃப். 1,800 போய், கைக்கு வருவது 20,200.

'ஆறே மாதத்தில் அடைத்துவிடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். மாதம் 5,000 பிடித்தால் வருவது 15,200. வீட்டு வாடகை 6,000, மளிகை 5,000, பள்ளி வேன் 1,500, சீட்டு 3,000 என்று கூட்டினாலே 15,500 ஆகிவிடுகிறது. பஸ் காசுக்குக்கூட வழியில்லை, கைமாற்றுதான். பத்து மாதமாகப் பிரித்தால் பிடித்தம் 3,000, கையில் 17,200. வட்டியில்லாத அட்வான்ஸ் என்றால் நாலு மாதம் கூடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அட்வான்ஸ் பிடிப்பதால் பி.எஃப். குறையாது, அது முழுச் சம்பளத்தின் மீதுதான் கணக்காகும். சம்பளமில்லா விடுப்பில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாள் போனால், மாதத்துக்கு 30 நாள் கணக்கில், சம்பளம் 19,800 ஆகும். பி.எஃப். 1,620 ஆகச் சுருங்கும். தவணை மட்டும் அசையாது: 3,000 போக வருவது 15,180. பத்து மாதத் திட்டத்திலேயே 320 ரூபாய் துண்டு விழுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொழில் வரியும் அதே மாதம் விழுந்தால் இன்னும் இடிக்கும். அந்த மாதத் தவணையைக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே கணக்குப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.