விலையை ஏற்றினால் எத்தனை பேர் விலகுவார்கள்?

மாதம் 20 வெள்ளி வாங்கும் இணையவழி டியூஷன் நிறுவனம் ஒன்று கட்டணத்தை 25 வெள்ளியாக உயர்த்துகிறது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 26 பேர் விலகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 பேரும் விலையேற்றத்தால் போனவர்களா? சந்தாக் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் இருக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

விலை ஏறாவிட்டாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். பிள்ளைக்குத் தேர்வு முடிந்திருக்கும். வங்கி அட்டை காலாவதியாகியிருக்கும். இவர்களைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 10,000 சந்தாதாரர்களில் 1,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் பழைய விலையையே தொடர வேண்டும். நீண்டகால வாடிக்கையாளர் என்றோ, குறை சொல்பவர் என்றோ பார்த்துப் பொறுக்கினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

ஆறு மாதம் கழித்துப் பழைய விலைக் குழுவில் நூற்றுக்கு 82 பேரும், புதிய விலைக் குழுவில் 74 பேரும் இருக்கிறார்கள் என்றால், விலையேற்றத்தால் போனவர்கள் 8 பேர்தான். மற்ற 18 பேர் எப்படியும் போயிருப்பார்கள்.

இனி வரவைப் பார்ப்போம். தொடக்கத்தில் இருந்த ஒவ்வொரு நூறு பேருக்கும், ஆறாம் மாதத்தில் பழைய விலையில் 1,640 வெள்ளி வருகிறது. புதிய விலையில் 1,850. விலகியவர்களையும் சேர்த்து அந்த நூறு பேரை வைத்தே கணக்கிட வேண்டும். மிஞ்சியவர்களை மட்டும் பார்த்தால், ஆளுக்கு 5 வெள்ளி கூடிவிட்டதாகத் தோன்றும். புதிய விலையில் 66 பேருக்கும் குறைவாக மிஞ்சியிருந்தால் விலையேற்றம் நட்டம்தான்.

எண்ணத் தொடங்கும் நாளும் முக்கியம். அறிவிப்பு மின்னஞ்சல் போன அன்றே ரத்துகள் தொடங்கிவிடும். புதிய கட்டணம் பிடிக்கப்படும் நாளிலிருந்து எண்ணினால், முதலில் கோபித்துக்கொண்டு போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆண்டுச் சந்தா கட்டியவர்களோ புதுப்பிக்கும் நாள் வரை புதிய விலையைக் கட்டப்போவதில்லை. அவர்களைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

குழு சிறியதாக இருந்தால் முடிவை நம்ப முடியாது. பழைய விலையில் 1,000 பேர் இருந்தால், அந்த 8 என்பது ஏறக்குறைய ஐந்தரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். 100 பேரை மட்டும் வைத்திருந்தால், பாதிப்பே இல்லை என்பதிலிருந்து 16 பேர் வரை எதுவாகவும் இருக்கலாம்.

இந்த ஒப்பீட்டை நெடுநாள் நீட்டிக்கவும் முடியாது. ஒரே வகுப்புப் பெற்றோர் இருவர் பேசிக்கொண்டால் போதும், "உங்களுக்கு மட்டும் ஏன் 20 வெள்ளி?" என்ற கேள்வி வரும். அதனால் முடியும் தேதியை முன்பே குறித்துவிடச் சொல்வேன். ஆனால் மூன்றாம் மாதத்தில் 5 ஆக இருந்த இடைவெளி ஆறாம் மாதத்தில் 8 ஆகியிருந்தால், அது இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது 1,850 வெள்ளியை இறுதி வரவாக எழுதிவிடக் கூடாது.